‘அலட்சியமாக இருந்தார்’ என்று எழுதுவதற்கு முன்

கோயம்புத்தூரில், தொழில் விஷயமாக வருபவர்கள் தங்கும் நடுத்தர ஹோட்டல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். திங்கட்கிழமை காலை. சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக வந்து உட்கார்ந்த ஒருவர் நெய் ரோஸ்டும் சர்க்கரை போடாத ஃபில்டர் காபியும் கேட்கிறார். காபி சர்க்கரையோடு வருகிறது. ரோஸ்ட் வெகுநேரம் கழித்து, ஆறிப்போய் வருகிறது. சாப்பிட்டு முடித்து அறைக்குப் போனவர் லேப்டாப்பைத் திறந்து இப்படி எழுதுகிறார்:

“காலை உணவு சர்வீஸ் படுமோசம். ஊழியர் அலட்சியமாக இருந்தார். சொன்னதைக் காதில் வாங்கக்கூட இல்லை. ஒரு தோசைக்கு அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டார். இவருக்குக் கண்டிப்பாகப் பயிற்சி தேவை.”

எழுதியவர் சாதாரண விருந்தினர் இல்லை. ஹோட்டல் நிர்வாகம் ஒரு ஏஜென்சி மூலம் ஏற்பாடு செய்து அனுப்பிய ‘மிஸ்டரி கெஸ்ட்’. தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் தங்கி, வரவேற்பு முதல் அறைச் சுத்தம் வரை பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது அவர் வேலை. அந்த ஐந்து வரியும் இரண்டு மூன்று நாளில் எஃப் அண்ட் பி மேனேஜர் கைக்கு வரும். அவர் காலை ஷிஃப்ட் ப்ரீஃபிங்கில், பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்கும்போது, அதை வாய்விட்டுப் படிப்பார். அன்று அந்த மேசையைக் கவனித்த ஸ்டூவர்டு யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த ஸ்டூவர்டின் இடத்தில் நின்று அந்த வரிகளைக் கேட்டுப் பாருங்கள். நாளைக் காலையில் அவர் என்ன செய்ய வேண்டும்? அலட்சியமாக இல்லாமல் இருக்க வேண்டும். அதாவது எதைச் செய்ய வேண்டும், எந்த நேரத்தில் செய்ய வேண்டும்? ரிப்போர்ட்டில் பதில் இல்லை. தன்னை யாரோ மட்டமாக நினைத்தார் என்பது மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேர்கிறது.

மறைந்திருந்து பார்க்கும் இந்த வழக்கம் பிறந்ததே சந்தேகத்தில்தான். 1940களில் அமெரிக்காவில் வங்கி, கடை ஊழியர்கள் கல்லாவில் கைவைக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பினார்கள். பிறகுதான் அது சேவையின் தரத்தை அளக்கும் கருவியாக மாறியது. நோக்கம் மாறிய அளவுக்கு எழுத்து மாறவில்லை என்பது என் எண்ணம். இன்றும் பல ரிப்போர்ட்டுகள் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும் தொனியில்தான் இருக்கின்றன.

தொனி என்பது மரியாதைக்கான விஷயம் மட்டும் இல்லை. பலனும் அதைப் பொறுத்தது. 1996இல் அவ்ராம் க்ளூகர், ஆஞ்செலோ டெனிசி என்ற இரு உளவியலாளர்கள், வேலை செய்பவர்களுக்குக் கருத்துச் சொல்வதால் வேலை மேம்படுகிறதா என்று அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் மேம்பட்டது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கருத்து ஒருவரின் கவனத்தைச் செய்யும் வேலையிலிருந்து விலக்கி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்கு இழுக்கும்போது அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘அலட்சியமாக இருந்தார்’ என்ற இரண்டு சொல் செய்வது அதைத்தான்.

சரி, அதே காலையை வேறு விதமாக எழுதிப் பார்ப்போம். நம் மிஸ்டரி கெஸ்ட் சாப்பிடும்போது, நண்பருக்கு மெசேஜ் அனுப்புவது போலப் போனில் நேரங்களைக் குறித்து வைத்திருந்தார் என்று கொள்வோம்.

“8.40க்கு ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்தேன். 8.44க்கு ஸ்டூவர்டு வந்து வணக்கம் சொல்லி ஆர்டர் எடுத்தார். ஒரு நெய் ரோஸ்ட், சர்க்கரை இல்லாமல் ஒரு ஃபில்டர் காபி கேட்டேன். ஆர்டரை அவர் திரும்பச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டதையும் நான் பார்க்கவில்லை. 8.52க்கு காபி வந்தது, சர்க்கரை போட்டிருந்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துப்போய் இரண்டு நிமிடத்தில் வேறு காபி கொண்டுவந்தார். 8.58க்கு ரோஸ்ட் பற்றிக் கேட்டேன். ‘வரும் சார்’ என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவில்லை. 9.09க்கு ரோஸ்ட் வந்தது, கையில் தொட்டபோது சூடு இல்லை. இடைப்பட்ட நேரத்தில் அதே ஸ்டூவர்டு நான்கு மேசைகளைத் துடைத்துத் தயார் செய்தார், உள்ளே வந்த இரண்டு குடும்பங்களை உட்கார வைத்தார். தோசைக் கவுன்டரில் ஒருவர் ஒரே கல்லில் வார்த்துக்கொண்டிருந்தார். தட்டோடு ஐந்தாறு பேர் கவுன்டர் முன் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாததால் காத்திருப்பு எனக்கு நீண்டதாகத் தோன்றியது.”

இதில் எந்தக் குறையும் மறைக்கப்படவில்லை. சொல்லப்போனால் முதல் ரிப்போர்ட்டைவிட இதில் குறைகள் அதிகம். ஆனால் இதை ப்ரீஃபிங்கில் படித்தால் ஸ்டூவர்டு தலைகுனிய வேண்டியதில்லை. ‘ஆமாம், அப்படித்தான் நடந்தது’ என்று தலையாட்ட முடியும். நல்ல ரிப்போர்ட்டுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்: சம்பந்தப்பட்டவர் படித்தால் அந்த நேரத்தை அடையாளம் கண்டு ஒப்புக்கொள்வாரா?

முதல் ரிப்போர்ட்டில் ‘அரை மணி நேரம்’ என்று இருந்ததைக் கவனியுங்கள். ஆர்டர் கொடுத்தது 8.44, ரோஸ்ட் வந்தது 9.09. இருபத்தைந்து நிமிடம். ஐந்து நிமிட வித்தியாசம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால் ப்ரீஃபிங்கில் நிற்பவருக்கு அன்றைய நேரம் நன்றாக நினைவிருக்கும். ‘அரை மணி நேரமெல்லாம் ஆகல சார்’ என்று அவர் சொன்ன நொடியில் பேச்சு தோசையை விட்டுவிட்டு ரிப்போர்ட் பொய்யா மெய்யா என்பதற்குப் போய்விடும். கோபத்தில் வட்டமாக்கிய ஓர் எண், சரியாக எழுதிய மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் நினைவை நம்புவதில்லை. நேரத்தை அங்கேயே குறிக்கிறார்கள், பில்லில் அச்சாகும் நேரத்தோடு ஒப்பிடுகிறார்கள், அன்றே எழுதி முடிக்கிறார்கள்.

அடுத்து, ‘பயிற்சி தேவை’. அக்கறையோடு எழுதியதுபோலத் தெரியும் இந்த வாக்கியம்தான் ஐந்திலும் ஆபத்தானது. என்ன நடந்தது என்று சொல்ல வந்தவர், ஏன் நடந்தது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். ஒருவர் செய்த தவறுக்கு அவர் குணத்தைக் காரணமாக்கி, அவர் நின்ற சூழ்நிலையைப் பார்க்காமல் விடும் மனப்போக்குக்கு 1977இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் தனிப் பெயரே வைத்தார். பசியோடு காத்திருக்கும் விருந்தினருக்கு அந்த மனப்போக்கு வருவது இயல்பு. அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஓர் ஆள்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் காரணம் எழுதக் கூடாது. தெரிந்த சூழ்நிலையை எழுத வேண்டும். ஒரே கல், கவுன்டர் முன் நின்றவர்கள், துடைக்கப்பட்ட நான்கு மேசைகள் ஆகிய மூன்றும் அதற்காகத்தான் ரிப்போர்ட்டில் இடம்பெறுகின்றன. சாக்குச் சொல்ல அல்ல. காரணத்தைத் தேடப்போகிற மேனேஜருக்கு வழி காட்ட.

மேனேஜர் தேடினால் என்ன கிடைக்கும் என்றும் பார்ப்போம். அந்த ஹோட்டலில் மேசை ஆர்டருக்குச் சீட்டு கிடையாது. ஸ்டூவர்டு கவுன்டருக்குப் போய் ‘ஒரு நெய் ரோஸ்ட்’ என்று வாயால் சொல்லிவிட்டு வருவார். கல்லின் முன் நிற்பவர், எதிரே தட்டோடு நிற்கும் ஆளுக்குத்தான் முதலில் போடுவார். கண்முன் நிற்பவரை எப்படித் தள்ளிவைப்பது? மேசையில் உட்கார்ந்தவரின் தோசை பின்னுக்குப் போகும். ஒருவழியாக வார்த்துத் தட்டில் வைத்த பிறகும், எடுத்துப்போக வேண்டிய ஸ்டூவர்டு வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருப்பார். ரோஸ்ட் அங்கேயே ஆறும். ஆக, தாமதத்துக்கும் சூடு ஆறியதற்கும் ஏற்பாடுதான் பெரும்பங்கு காரணம். கல்லின் பக்கத்தில் மேசை எண் எழுதிய சீட்டைச் செருக ஒரு கம்பி, எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வாசலில் ஒரு கூடுதல் ஆள் என்று வைத்தால் பெரும்பகுதி சரியாகும். ஸ்டூவர்டை எத்தனை நாள் பயிற்சிக்கு அனுப்பினாலும் அந்தக் கல்லில் தோசை சீக்கிரம் வராது.

அப்படியானால் ஸ்டூவர்டு மேல் எதுவுமே இல்லையா? இருக்கிறது. இரண்டு விஷயம் முழுக்க அவர் கையில் இருந்தது. ஆர்டரைத் திரும்பச் சொல்லியிருந்தால் சர்க்கரை அங்கேயே பிடிபட்டிருக்கும். ‘வரும் சார்’ என்பதற்குப் பதில் ‘இன்னும் பத்து நிமிஷம் ஆகும் சார், அதுவரைக்கும் இட்லி கொண்டுவரட்டுமா?’ என்று கேட்டிருந்தால் காத்திருப்பின் தன்மையே மாறியிருக்கும். பழி சொல்லாமல் எழுதுவது என்றால் பூசி மெழுகுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒருவர் கையில் இருந்ததை அவரிடம் தெளிவாகச் சொல்லாமல் விடுவதும் அவருக்குச் செய்யும் அநியாயம்தான். நாளைக் காலையே செய்து பார்க்கக்கூடிய இரண்டு செயல்கள் இப்போது அவருக்குக் கிடைத்திருக்கின்றன. ‘அலட்சியம்’ என்ற சொல் அவருக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

பூசி மெழுகும் எழுத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. ஆளே இல்லாத வாக்கியங்களாக அது வரும். ‘ஆர்டர் உறுதிசெய்யப்படவில்லை’, ‘மேசையில் தண்ணீர் வைக்கப்படவில்லை’, ‘சேவையில் முன்னேற்றத்துக்கு இடமுண்டு’. யாருக்கும் வலிக்காது, யாருக்கும் புரியவும் புரியாது. உட்காரவைத்தவர் தண்ணீர் வைத்திருக்க வேண்டுமா, ஆர்டர் எடுத்தவரா? அவரவர் வேலையைச் சொல்லி எழுதினால் போதும்: ‘உட்காரவைத்த ஹோஸ்டஸ் மெனு கொடுத்தார், ஆர்டர் எடுத்த ஸ்டூவர்டு தண்ணீர் வைத்தார்.’ பெயர் வேண்டுமா என்பது ஹோட்டல் என்ன சொல்லி அனுப்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இப்படி ரகசியப் பார்வையாளர்கள் வருவார்கள் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் நெறிமுறைகளில் அடிப்படையானது. சொல்லாத இடத்தில் பெயர் குறித்து எழுதினால் அது உளவு.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகள் இதைச் சொல்லாது. நம் மொழியில் பழி பெரும்பாலும் பெரிய சொற்களில் இருப்பதில்லை, சின்ன ஒட்டுகளில் ஒளிந்திருக்கிறது. ‘வணக்கம் சொல்லவில்லை’ என்பது தகவல். ‘ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை’ என்றால் அங்கே குற்றப்பத்திரிகை தொடங்கிவிட்டது. ‘போனார்’ என்றால் போனார், அவ்வளவுதான். ‘பாட்டுக்குப் போய்விட்டார்’ என்றால் நம்மை மதிக்கவில்லை என்று பொருள். ‘கண்டுகொள்ளவே இல்லை’ என்பதில் அந்த ஏகாரத்தை எடுத்தாலும் பழி போகாது. ஏனென்றால் கண்டும் காணாததுபோல் இருந்தார் என்று அவர் மனதுக்குள் புகுந்து எழுதுகிறோம். ‘நான் கை உயர்த்தினேன், அவர் எதிர்ப்பக்க மேசையில் பில் கொடுத்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை, இரண்டாவது முறை உயர்த்தியதும் வந்தார்’ என்றால் மனதுக்குள் புக வேண்டிய அவசியமே இல்லை. எழுதி முடித்த பிறகு ‘கூட’, ‘வே’, ‘விட்டார்’, ‘எப்போதும்’, ‘யாருமே’ ஆகியவற்றைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். வாக்கியத்தின் தகவல் குறையாது, சூடு மட்டும் தணியும்.

பல ரிப்போர்ட்டுகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ப்ரீஃபிங்கில் அவை தமிழில்தான் பேசப்படுகின்றன. ‘இன்டிஃபரென்ட்’ என்று நாசூக்காக எழுதிய சொல், மேனேஜர் வாயில் ‘நீங்க யாரும் கெஸ்ட்டைக் கண்டுக்கிறதே இல்லையாம்’ என்று மாறிப்போகும். ஒரு ஸ்டூவர்டைப் பற்றிய ஒரு காலை வேளை, எல்லோரைப் பற்றிய எல்லா நாளாகவும் ஆகிவிடும். நேரமும் செயலும் உள்ள வாக்கியத்தை அப்படி மாற்றுவது கடினம். ‘8.58க்குக் கேட்டபோது எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவில்லை’ என்பது எந்த மொழிக்குப் போனாலும், எந்த வாயில் வந்தாலும் அதேதான்.

இன்று தமிழ்நாட்டு ஹோட்டல்களில் வேலை செய்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், வடகிழக்கு மாநிலங்கள் என்று தூரத்திலிருந்து வந்தவர்கள். ரிப்போர்ட்டில் ‘தமிழ் தெரியாத பையன்’, ‘நார்த் இந்தியன் ஸ்டாஃப்’ என்று அவர்களை அடையாளம் காட்டுவது வழக்கமாகியிருக்கிறது. உள்ளூர்க்காரரை நிறத்தாலும் உடம்பாலும் குறிப்பிடுவதும் உண்டு. யார் என்று தெரிய வேண்டுமென்றால் நேரமும் இடமும் போதும். 8.44க்கு ஜன்னல் ஓர மேசையில் ஆர்டர் எடுத்தவர் யார் என்பது டியூட்டி சார்ட்டில் இருக்கிறது. மொழி உண்மையிலேயே சிக்கலாக இருந்தால் நடந்ததை எழுதலாம்: ‘சர்க்கரை இல்லாமல் என்று தமிழில் ஒருமுறை சொன்னேன். அவர் தலையாட்டினார். காபி சர்க்கரையோடு வந்தது. ‘நோ ஷுகர்’ என்றதும் உடனே புரிந்துகொண்டார்.’ இதைப் படிக்கிற மேனேஜருக்கு வழி தோன்றும். காபிக்கு மட்டும் பத்துத் தமிழ்ச் சொற்களைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆர்டர் சீட்டில் சர்க்கரைக்கு ஒரு கட்டம் வைக்கலாம். ‘தமிழ் தெரியாத பையன்’ என்ற சொல்லிலிருந்து எந்த வழியும் பிறக்காது.

பாராட்டுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ‘ஸ்டாஃப் எல்லோரும் ஸ்வீட், சூப்பர் சர்வீஸ்’ என்பதும் ‘படுமோசம்’ போலவே வெறுமையானது. நம் ஸ்டூவர்டு காபியை மறுபேச்சில்லாமல் மாற்றி, இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்தார். பரபரப்பான காலை நேரத்தில் அது சாதாரணமில்லை. அதை அப்படியே எழுதினால், எதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். ஆனால் கசப்பு மருந்துக்கு மேல் சர்க்கரை தடவுவதுபோல, குறை சொல்வதற்கு முன்னும் பின்னும் ஒப்புக்குப் பாராட்டை வைக்க வேண்டாம். அது நடந்த நேரத்தில், நடந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

எழுத்து எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஒரு வருகை ஒரு வருகைதான். திங்கட்கிழமை 8.40 மணிக்குக் கண்டது புதன்கிழமை 7.15க்கு இருக்காது. அதனால் ரிப்போர்ட்டில் ‘இங்கே வழக்கமாக’ என்று எழுத மிஸ்டரி கெஸ்ட்டுக்கு உரிமையில்லை. அவர் பார்க்காத ஒன்றுக்கு ‘இல்லை’ என்று மதிப்பெண் குறைக்கவும் கூடாது. ‘பார்க்கும் வாய்ப்பு இல்லை’ என்று குறிக்க ஒரு கட்டம் இல்லாத படிவம் நியாயமான படிவமே அல்ல. வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் வந்த மூன்று நான்கு பேர் எழுதியதிலும் ‘எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவில்லை’ என்பது திரும்பத் திரும்ப வந்தால் அப்போது அது அந்த ஹோட்டலின் பழக்கம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஒருவரின் இன்சென்டிவைப் பிடிக்கும் இடங்களில், அடுத்த முறை தனியாக வந்து உட்காரும் எல்லா விருந்தினர்களையும் ஊழியர்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார்கள். யார் மிஸ்டரி கெஸ்ட் என்று கண்டுபிடிக்கும் திறமைதான் அங்கே வளரும்.

நேர்மையான ரிப்போர்ட்டில் எழுதுகிறவரும் இருப்பார். தான் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எத்தனை முறை கேட்டார் என்பதையும் எழுதுவார். ‘சர்க்கரை இல்லாமல்’ என்பதைப் போனில் பேசிக்கொண்டே முணுமுணுத்திருந்தால் அதையும் எழுத வேண்டும். ஊழியரைக் கோபப்படுத்திப் பார்ப்பதற்காகவே வம்பு பண்ணுவது, நெரிசல் நேரத்தில் வேண்டுமென்றே மெனுவில் இல்லாததைக் கேட்பது போன்றவை ஹோட்டல் எழுதிக் கொடுத்த சோதனையாக இல்லாவிட்டால் செய்யக் கூடாது. செய்திருந்தால் மறைக்கவும் கூடாது.

சில சமயம் காபி, தோசையைவிடப் பெரிய விஷயம் கண்ணில் படும். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குப் பில் வராமல் போகலாம். குப்பைத்தொட்டி மூடியைத் திறந்த கையோடு ஒருவர் சட்னி எடுத்து வைக்கலாம். ஊழியர் ஒருவரை மேலதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டுவது காதில் விழலாம். அவை ப்ரீஃபிங்கில் படிக்கப்படும் ரிப்போர்ட்டில் போகக் கூடாது. அன்றே, தனியாக, பொறுப்பானவருக்குப் போக வேண்டும். எழுதும் முறை மட்டும் அங்கேயும் மாறுவதில்லை. ‘பணத்தை எடுத்துக்கொண்டார்’ என்று எழுத முடியாது. நீங்கள் பார்த்தது அது அல்ல. ‘பகல் 1.20க்கு 240 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டேன். ‘கொண்டுவர்றேன் சார்’ என்றார். 1.35க்கு நான் கிளம்பும் வரை பில் வரவில்லை.’ மேற்கொண்டு என்ன நடந்தது என்று கல்லாக் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நிர்வாகம். அதற்கு முன் அந்த ஊழியரைக் கூப்பிட்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டியதும் நிர்வாகம்தான்.